நான்கு உச்சங்களும் இரண்டு நாள்காட்டிகளும்: பிட்காயின் ஹால்விங் சுழற்சிக் கோட்பாட்டைச் சோதித்தல்

பிட்காயின் வலைப்பின்னலில் 2,10,000 பிளாக்குகளுக்கு ஒருமுறை, மைனர்களுக்குக் கிடைக்கும் புதிய நாணயங்களின் எண்ணிக்கை பாதியாகக் குறைகிறது. இதுவே ஹால்விங். இது 2012 நவம்பர் 28, 2016 ஜூலை 9, 2020 மே 11, 2024 ஏப்ரல் 20 என நான்கு முறை நிகழ்ந்துள்ளது. ஒவ்வொரு முறையும் அடுத்த ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டுக்குள் விலை உச்சம் தொட்டு, பிறகு சரியும் என்பது சுழற்சிக் கோட்பாட்டின் சாரம். பல ஆண்டு விலை வரைபடத்தில் ஹால்விங் நாள்களைச் செங்குத்துக் கோடுகளாக வரைந்து காட்டினால் இது கண்ணெதிரே நிரூபணமானதுபோலவே தெரிகிறது. தினசரி விலைகள் ஆயிரக்கணக்கில் இருப்பதால் சான்றும் ஏராளம் என்ற மயக்கம் எழுகிறது. ஆனால் கோட்பாடு பேசுவது சுழற்சிகளைப் பற்றி. சுழற்சிகளோ நான்குதான்.

அந்த நான்கு உச்சங்களை 2013 நவம்பர் 30, 2017 டிசம்பர் 17, 2021 நவம்பர் 10, 2025 அக்டோபர் 6 என்று கொள்வோம். ஹால்விங்கிலிருந்து எண்ணினால் 367, 526, 548, 534 நாள்கள் வருகின்றன. சிறுமத்துக்கும் பெருமத்துக்கும் இடையே 181 நாள். நான்காண்டுச் சுழற்சியில் இது குறுகிய இடைவெளிதான். இதைத் தற்செயல் என்று ஒதுக்குவது நேர்மையாகாது. 2025 உச்சத்துக்கு முன்பே ஏறத்தாழ அந்தக் காலத்தைச் சுட்டியவர்களும் இருந்தார்கள்.

இப்போது ஹால்விங்கை எடுத்துவிட்டு, அதற்கும் பிட்காயின் உற்பத்திக்கும் தொடர்பே இல்லாத ஒரு நாளை அந்த இடத்தில் வைப்போம். அமெரிக்க அதிபர் தேர்தலும் 2012, 2016, 2020, 2024 ஆண்டுகளில்தான் நடந்தது. தேர்தல் நாளிலிருந்து அதே உச்சங்களுக்கு 389, 404, 372, 335 நாள்கள். இடைவெளி 69 நாள் மட்டுமே. கோட்பாட்டாளர் தமக்கு ஆதரவாகக் காட்டும் அதே அளவுகோலால் அளந்தால், ஹால்விங்கைவிடத் தேர்தல்தான் சிறந்த முன்னறிவிப்பாளர்.

இதன் காரணம் எளிது. கணினித்திறன் பெருகியதால் பிளாக்குகள் சராசரியாகப் பத்து நிமிடத்துக்குச் சற்று முன்பாகவே உருவாயின. எனவே ஹால்விங் நாள் நவம்பரிலிருந்து ஜூலைக்கும், மேக்கும், ஏப்ரலுக்கும் முன்னோக்கி நகர்ந்தது. உச்சங்களோ ஆண்டின் கடைசி மாதங்களை விட்டு நகரவில்லை. முதல் சுழற்சிக்கு 367 நாளும் அடுத்ததற்கு 526 நாளும் வந்ததை ‘சுழற்சி நீள்கிறது’ என்று விளக்குவோர் உண்டு. நீண்டதில் பெரும்பகுதி தொடக்கக் கோடு முன்னே போனதன் விளைவே. தேர்தல்தான் விலையை ஆட்டுகிறது என்பது என் வாதமல்ல. நான்காண்டு இடைவெளியில் வரும் எதையும் இதே வரைபடத்தில் பொருத்திக்காட்ட முடியும் என்பதே வாதம்.

உச்சம் எது என்பதிலும் தளர்வு இருக்கிறது. 2021 ஏப்ரல் நடுவில் விலை 64,000 டாலரைத் தாண்டி, பின் ஏறத்தாழப் பாதியாகி, நவம்பரில் 69,000 அருகே சென்றது. ஏப்ரல் 14ஐ உச்சமாகக் கொண்டால் 548 என்பது 338 ஆகிவிடும். நான்கு புள்ளிகளில் ஒன்று இப்படி 210 நாள் இடம்மாறும்போது சராசரிக்கு என்ன மதிப்பு? இந்தத் தெரிவை விளைவு தெரிந்த பிறகு செய்தால் எந்தக் கோட்பாடும் பிழைத்துக்கொள்ளும்.

காரணவிளக்கத்தைத் தனியே எடைபோட வேண்டும். 2012இல் நாளொன்றுக்கு ஏறத்தாழ 7,200 நாணயங்களாக இருந்த புதிய வரத்து 3,600 ஆனது. அதாவது ஆண்டு வளர்ச்சி விகிதம் சுமார் 25 விழுக்காட்டிலிருந்து பாதியானது. 2024இல் 900 என்பது 450 ஆனபோது, குறைந்த அளவு மொத்த இருப்பில் ஆண்டுக்கு 1 விழுக்காட்டுக்கும் கீழ். அன்றைய விலையில் அது நாளுக்கு மூன்று கோடி டாலருக்கும் குறைவு. சந்தையிலோ நாள்தோறும் பல நூறு கோடி டாலர் கைமாறுகிறது. மேலும், ஹால்விங்குக்கு முன்னரே, 2024 மார்ச்சில், விலை பழைய உச்சத்தைத் தாண்டிவிட்டது. அமெரிக்காவில் ஸ்பாட் இடிஎஃப்களுக்கு அனுமதி கிடைத்து இரண்டு மாதமே ஆகியிருந்தது. ஆகவே நான்கு நிகழ்வுகளையும் ஒரே வகை மாதிரிகளாகக் கூட்டுவதே ஐயத்துக்குரியது. எல்லோரும் ‘பதினெட்டாம் மாதம் விற்போம்’ என்று நம்பினால் அந்த நம்பிக்கையே உச்சத்தை உண்டாக்கலாம். அப்போது கணிப்பு பலிக்கும். வரத்துக் குறைவு காரணம் என்பது மட்டும் நிரூபணமாகாது.

எனவே இத்தகைய வரைபடத்தை வாசிப்பவர் மூன்றை முன்கூட்டியே எழுதிவைக்கக் கேட்க வேண்டும்: எந்தச் சந்தையின் எந்த விலை, எத்தனை நாள் சாளரம், எது நடந்தால் கோட்பாடு பொய். நான்கு கோடுகளின் சராசரிக்குப் பதிலாக நான்கையும் மடக்கை அளவில் தனித்தனியே வரைய வேண்டும். கூடவே தேர்தல் போன்ற ஒரு போலித் தொடக்கத்தை வைத்தும் வரைந்து, இரண்டையும் அருகருகே ஒப்பிட வேண்டும்.

அடுத்த சுழற்சி தீர்ப்புச் சொல்லும் என்று காத்திருப்பதும் பயன்தராது. ஐந்தாம் ஹால்விங் 2028 ஏப்ரலை ஒட்டி எதிர்பார்க்கப்படுகிறது. அதிலிருந்து 530 நாள் போனால் 2029 அக்டோபர். அதிபர் தேர்தல் 2028 நவம்பர் 7. அதிலிருந்து 375 நாள் போனால் 2029 நவம்பர். உச்சம் அந்த இலையுதிர்காலத்தில் வந்தால் இரு தரப்பும் வென்றதாகச் சொல்லிக்கொள்ளும்.