பித்தளை நாக்கு வந்த வழி

புதுக்கோட்டைப் பக்கத்து நண்பர் ஒருவர் போன மாதம் மூன்று படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். அவருடைய அப்பா ஸ்பெஷல் நாடகத்துக்குப் பெட்டி வாசித்தவர். அவர் காலமான பிறகு பரணில் கிடந்த சாமான்களை இறக்கியிருக்கிறார்கள். “மூணும் ஆர்மோனியத்தோடதுதானே அண்ணே?” என்று கேட்டிருந்தார். முதல் படத்தில் கருப்பு வெள்ளைக் கட்டைகள். இரண்டாவதில் பித்தளைத் தகட்டின் மேல் வரிசையாக ரீடுகள். மூன்றாவதில் மடிப்பு மடிப்பாகத் துருத்தி.

ரீடு சுரண்டிச் சுருதி சேர்ப்பது என் பிழைப்பு. அதனால் நான் முதலில் பார்த்தது ரீடு படத்தைத்தான். கட்டைகள் ஏமாற்றும். பியானோவுக்கு அமைந்த அந்த வரிசையைத்தான் ஆர்மோனியமும் கீபோர்டும் மெலோடிகாவும் அப்படியே எடுத்துக்கொண்டன. எண்ணிப் பார்த்தாலும் தெளிவாகாது. முப்பத்தேழு கட்டை ஆர்மோனியமும் உண்டு, மெலோடிகாவும் உண்டு, சின்னக் கீபோர்டும் உண்டு. உள்ளே நாக்கு இருக்கிறதா, இருந்தால் அதற்குக் காற்று எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால்தான் பொருளின் குலம் தெரியும்.

இந்த நாக்கு வெகுதூரம் பயணப்பட்டு வந்தது. மெல்லிய தகட்டை ஒரு முனையில் மட்டும் ஆணியடித்து இறுக்கி, மறுமுனையை விட்டுவிடுகிறார்கள். அதற்கு நேர் கீழே, அதைவிட மயிரிழை அகலமான ஒரு துவாரம். காற்று தள்ளும்போது நாக்கு எதன் மேலும் மோதாமல் துவாரத்துக்குள் போய்ப் போய் வரும். சீனாவின் ஷெங் என்ற வாத்தியத்தில் பழங்காலத்திலிருந்தே இது இருக்கிறது. ஐரோப்பாவில் 1780-ல் கிராட்சென்ஸ்டைன் என்ற அறிஞர் உயிரெழுத்துகளைப் பேசும் குழாய்களைச் செய்து, செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் அறிவியல் கழகத்தின் பரிசை வாங்கினார். அவரும் இப்படிப்பட்ட நாக்கைத்தான் பயன்படுத்தினார். பாரிஸில் அலெக்சாந்தர் தெபேன் 1840-களின் தொடக்கத்தில் ஆர்மோனியம் என்ற பெயரோடு காப்புரிமை வாங்கியபோது அது மேசை போல நின்றது. காலால் மிதித்துத் துருத்தியை இயக்க வேண்டும்.

தரையில் சம்மணம் போட்டு உட்காருபவனுக்குக் காலால் மிதிப்பது எப்படி வசதிப்படும்? கல்கத்தாவில் துவார்க்கின் கடையின் துவாரகாநாத் கோஷ் போன்றவர்கள் துருத்தியைப் பெட்டியின் பின்பக்கத்துக்குக் கொண்டுபோனார்கள். ஒரு கை துருத்தியைத் தள்ள, மறு கை கட்டையில் ஓடியது. இந்தக் கைப்பெட்டி பார்சி நாடகங்களோடு ஊர் ஊராகச் சுற்றியது. தமிழ் மேடையில் பின்பாட்டுக்காரர் முன் அது உட்கார்ந்த பிறகு ‘பெட்டி’ என்றாலே ஆர்மோனியம் என்று ஆனது.

ஒரு நாக்குக்கு ஒரே சுரம்தான் தெரியும். இரண்டு கட்டைகளுக்கு நடுவே வழுக்கிப் போக அதனால் முடியாது. கமகம் வராது என்ற இந்தக் குறையும் சேர்ந்துதான் அகில இந்திய வானொலி 1940-ல் ஆர்மோனியத்தைத் தள்ளிவைத்தது. விலக்கு தளர 1971 வரை ஆனது. நாடகக் கொட்டகையில் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

நண்பரின் இரண்டாவது படத்துக்கு வருகிறேன். ஒரே நீளத் தகடு. அதன் மேல் பதினாறு நாக்குகள், பெரியதிலிருந்து சிறியதாக இறங்கி, சீப்பின் பற்கள் போல. இதைப் பார்த்ததும் ஆர்மோனியம் இல்லை என்று சொல்லிவிட்டேன். நம் பெட்டியில் ஒவ்வொரு ரீடும் தனிப் பித்தளைத் துண்டு. இரண்டு முனையிலும் திருகு போட்டு, மரப்பலகையில் அடுத்தடுத்து இறுக்கியிருக்கும். ஒரு ரீடு முறிந்தால் அதை மட்டும் கழற்றி வேறு போடலாம். குஜராத்தின் பாலிதானாவிலிருந்து ரீடு செட்டாக வரும்போதும் தனித்தனித் துண்டுகளாகவே வரும். படத்தில் திருகுத் தலைகளையும் மரத்தின் நாரையும் தேடுங்கள். பல நாக்குகள் ஒரே தகட்டைப் பகிர்ந்துகொண்டு, சுற்றிலும் பிளாஸ்டிக் தெரிந்தால் அது மெலோடிகா.

ஒரு சந்தேகம் வரலாம். மவுத்ஆர்கனிலும் நீளத் தகடுதானே? ஆமாம். ஆனால் அதில் ஊதுவதற்கு ஒரு நாக்கு, உறிஞ்சுவதற்கு இன்னொன்று. மெலோடிகாவில் ஊதினால் மட்டுமே சத்தம் வரும். ஜெர்மனியின் ஹோனர் கம்பெனி 1950-களின் கடைசியில் மவுத்ஆர்கன் செய்த அனுபவத்தோடு இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. துருத்தியின் வேலையை நுரையீரல் எடுத்துக்கொண்டது. எச்சில் உள்ளே சேரும் என்பதால் அதை வெளியேற்ற ஒரு சின்னப் பொத்தானும் உண்டு. நண்பரின் தகட்டில் ஆணிகளைச் சுற்றிப் பச்சைக் களிம்பு பூத்திருந்ததும் எச்சில் ஈரத்தின் வேலையாக இருக்கலாம். ஆனால் அதை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது, மழைக்கு ஒழுகிய பரணில் கிடந்த ஆர்மோனிய ரீடும் களிம்பேறும். “தங்கச்சி ஸ்கூல் பேண்டுல ஒண்ணு ஊதினா அண்ணே” என்று அவருக்கே பிறகு நினைவு வந்தது.

மெலோடிகாவைக் கீபோர்டு என்று நினைப்பதற்கு ஒரு வேடிக்கையான காரணம் இருக்கிறது. ஊதுவதற்கான நெளிநெளிக் குழாயைப் படத்தில் பார்ப்பவர்கள் கரண்ட் ஒயர் என்றே எண்ணிவிடுகிறார்கள். அது பெட்டியின் பக்கவாட்டு முனையில், விரல் நுழையும் அளவு துவாரத்தில் போய்ச் சொருகியிருக்கும். ஒயர் அவ்வளவு தடிமனாக இருக்காது. குழாய் தொலைந்துபோயிருந்தால் துவாரமாவது தெரியும். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகும் ஸ்பீக்கர் சல்லடையும் இருக்காது.

முதல் படம்தான் என்னைத் திணறடித்தது. கட்டைகள் மட்டும், அதுவும் மேலிருந்து எடுத்தது. “ஒரு கட்டையை அமுக்கிக்கிட்டு, பக்கத்துக் கட்டையோட பக்கவாட்டை எடுத்து அனுப்புங்க தம்பி” என்றேன். ஆர்மோனியமாக இருந்தால் அங்கே மரம் தெரியும். மேலே ஒட்டிய வெள்ளைத் தகட்டுக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு கோடு ஓடும். பழைய பெட்டியில் கட்டைகள் ஒரே மட்டத்திலும் நிற்காது. வந்த படத்தில் மேலும் பக்கமும் ஒரே அச்சில் வார்த்த பிளாஸ்டிக். கீபோர்டா மெலோடிகாவா என்பதற்கு அதுவும் போதவில்லை. திருப்பிப் போட்டு எடுக்கச் சொன்னேன். பேட்டரி மூடி தெரிந்தது. திறந்தால் உள்ளே நாக்கும் இல்லை, காற்றுக்கு வழியும் இல்லை. கட்டைக்குக் கீழே ரப்பர்க் குமிழ்கள், அவற்றுக்கு அடியில் சர்க்யூட் போர்டு. அவ்வளவு தூரம் வந்த பித்தளைக்கு இந்தப் பெட்டியில் இடமே இல்லை.

மூன்றாவது படத்தில் துருத்தி பளிச்சென்று இருந்ததால் நண்பர் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. ஆனால் துருத்தியை மட்டும் நம்பி ஆர்மோனியம் என்று சொல்ல முடியாது. சுருதிப்பெட்டிக்கும் துருத்தி உண்டு, கட்டைதான் கிடையாது. பெட்டியைத் திறந்து உள்பக்கத்தைப் படம் எடுக்கச் சொன்னேன். கட்டை வரிசை, கீழே இழுக்கும் ஸ்டாப்புகள், ரீடு பலகையில் தனித்தனியாகத் திருகிய பித்தளைத் துண்டுகள் எல்லாம் இருந்தன. அப்பாவின் பெட்டியேதான்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது நடுவில் ஒரு நாக்கின் நுனி மட்டும் மற்றவற்றைவிட வெளிறிப் பளபளத்தது. யாரோ அங்கே சுரண்டியிருக்கிறார்கள். நுனியில் சுரண்டினால் நாக்கின் எடை குறைந்து சுருதி ஏறும். ஆணிக்குப் பக்கத்தில் சுரண்டினால் விறைப்பு குறைந்து இறங்கும். இறங்கிப்போன சுரத்தை ஏற்றப் பார்த்த கை அது. சேர்ந்ததா என்று படம் சொல்லாது. வரும் ஞாயிற்றுக்கிழமை பெட்டியைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.