ரிக் வேலையா, கப்பல் வேலையா? முதலில் எந்தச் சான்றிதழ் எடுக்கணும்?

கெர்த்தே, மீரி, லாபுவான் பக்கம் ஆஃப்ஷோர் வேலைக்கு விண்ணப்பிக்கும் இளைஞர்கள் முதலில் குழம்புவது இரண்டு பெயர்களில்தான். ஒன்று தி-போசியட், இன்னொன்று எஸ்.டி.சி.டபிள்யூ. இரண்டிலும் நீச்சல் குளம், உயிர்காப்பு அங்கி, தீயணைப்பு எல்லாம் வரும். அதனால், ‘ஒன்று இருந்தால் போதும்’ என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். ஆனால் ஒன்றுக்குப் பதில் மற்றொன்று செல்லாது.

என்ன வித்தியாசம்?

எண்ணெய் மேடைக்குப் போகும் தொழிலாளி பெரும்பாலும் ஹெலிகாப்டரில் பயணியாகப் போகிறார். ஆபத்து வந்தால் அதிலிருந்து தப்பிக்கத் தெரிய வேண்டும். போசியட் பயிற்சி அதற்குத்தான். ஒப்பிட்டோ அமைப்பு வகுத்த இந்தப் பயிற்சி பொதுவாக மூன்று நாள் நடக்கும். நம் வட்டாரம் போன்ற வெப்பக் கடல்களுக்கு உரிய வகைதான் தி-போசியட். வட கடல் போன்ற குளிர்ந்த கடலில் வேலை கிடைத்தால் இது போதாது.

கப்பல் சிப்பந்தி பயணி அல்ல. தீ பிடித்தால் அணைக்க வேண்டியவரும் அவர்தான், உயிர்காப்புப் படகை இறக்க வேண்டியவரும் அவர்தான். அதனால் எஸ்.டி.சி.டபிள்யூ அடிப்படைப் பயிற்சியில் உயிர்காப்பு, தீயணைப்பு, முதலுதவி, கப்பலில் தனிநபர் பாதுகாப்பும் பொறுப்பும் என நான்கு பகுதிகள் உண்டு. உயரத்திலிருந்து தண்ணீரில் குதிப்பது, கவிழ்ந்த மிதவைப் படகை நிமிர்த்துவது எல்லாம் செய்து காட்ட வேண்டும். ஹெலிகாப்டர் பயிற்சி இதில் இல்லை. மலேசியாவில் கடல்துறை இலாகா அங்கீகரித்த மையத்தில்தான் இதை எடுக்கணும்.

பலரும் பயப்படும் ‘ஹூவெட்’

போசியட்டில் பலருக்கும் வயிற்றைக் கலக்குவது இதுதான். ஹெலிகாப்டர் போன்ற ஒரு கூண்டில் உங்களை பெல்ட் போட்டு உட்கார வைத்து, குளத்தில் இறக்கித் தலைகீழாகக் கவிழ்ப்பார்கள். ஏன் கவிழ்க்கணும்? ஹெலிகாப்டரின் இன்ஜினும் கியர் பெட்டியும் மேலே இருப்பதால், நிஜமாகவே கடலில் இறங்கினால் அது எளிதில் கவிழ்ந்துவிடும்.

தலைகீழானதும் மூக்கில் தண்ணீர் ஏறும், மேலே எது, கீழே எது என்றே தெரியாது. அப்போது பலருக்கும் கை முதலில் பெல்ட்டுக்குத்தான் போகும். அதுதான் தவறு. பெல்ட்டைக் கழற்றினால் உடல் மிதந்து நகர்ந்துவிடும், ஜன்னல் எந்தப் பக்கம் என்பதே மறந்துபோகும். சரியான வரிசை இதுதான்: ஒரு கை ஜன்னல் சட்டத்தை விடவே கூடாது. கூண்டு அசைவது நிற்கும்வரை காத்திருக்கணும். ஜன்னலைத் தள்ளித் திறக்கணும். அதற்குப் பிறகுதான் பெல்ட். பிறகு சட்டத்தைப் பிடித்து இழுத்து வெளியே வரணும்.

உயிர்காப்பு அங்கியை உள்ளேயே ஊதிவிடவும் கூடாது. ஊதினால் அது உங்களை மேலே தள்ளி உள்ளேயே சிக்க வைத்துவிடும்.

நன்றாக நீந்தத் தெரியாதவர்களும் இந்தப் பயிற்சியை முடிக்கிறார்கள். ஆனால் அதை முன்கூட்டியே பயிற்றுநரிடம் சொல்லிவிடுங்கள். ஆஸ்துமா, காது பிரச்சினை இருந்தாலும் மறைக்காதீர்கள்.

காலாவதி தேதியைக் கவனிங்க

தி-போசியட் நான்கு ஆண்டுக்குச் செல்லும். அது முடியும் முன்பே ஒரு நாள் புதுப்பிப்புப் பயிற்சி எடுத்தால் போதும். உதாரணமாக, 2022 மார்ச் 10இல் சான்றிதழ் பெற்ற ஒருவர் 2026 பிப்ரவரியில் புதுப்பித்தால் ஒரே நாளில் முடிந்துவிடும். அடுத்த வேலை வரட்டும் என்று ஏப்ரல் வரை தள்ளிப் போட்டால், மூன்று நாள் பயிற்சியை முதலிலிருந்து மறுபடி எடுக்கணும், முழுக் கட்டணமும் கட்டணும். எஸ்.டி.சி.டபிள்யூவில் உயிர்காப்பு, தீயணைப்புத் திறன்களை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

ஏஜென்ட் ‘நானே எடுத்துத் தர்றேன்’ என்றால்?

போசியட்டின் பாடப் பகுதியை ஆன்லைனில் படிக்கும் வசதி உண்மையிலேயே உண்டு. ஆனால் குளத்தில் இறங்காமல், தீயணைப்பு செய்யாமல் சான்றிதழ் கிடையாது. ‘நேரில் வரவே வேண்டாம்’ என்று யாராவது சொன்னால், அது போலி. பணம் கட்டும் முன், மையத்தின் பெயர் ஒப்பிட்டோவின் இணையத்தளப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். கப்பல் பயிற்சி என்றால் கடல்துறை இலாகாவிடம் கேளுங்கள்.

அதற்கும் முன்னால், வேலை தரும் நிறுவனத்திடம் எழுத்தில் ஒரே ஒரு கேள்வி: “எந்தச் சான்றிதழ் வேண்டும், தி-போசியட்டா, எஸ்.டி.சி.டபிள்யூவா, இரண்டுமா?” எண்ணெய் மேடைகளுக்குப் பொருள் கொண்டுபோகும் கப்பல்களில் சிலசமயம் இரண்டையும் கேட்பார்கள்.