கை பிளெண்டர் ஆடுகிறதா, பாதியில் நிற்கிறதா? ஓசையைக் கேட்டாலே பாதி விடை கிடைக்கும்

சுங்கை பூலோவில் ஒரு வீட்டில், சம்பலுக்கு ஊறவைத்த காய்ந்த மிளகாயைக் கை பிளெண்டரில் அரைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு நிமிடத்தில் தண்டு ஆடுகிறது. சற்று நேரத்தில் கத்தி நின்றுவிடுகிறது. மோட்டார் போய்விட்டது என்று எண்ணித் தூக்கி எறிவதற்கு முன், நின்றபோது எந்த ஓசை கேட்டது என்பதைக் கவனிக்க வேண்டும்.

கத்தி நின்ற பிறகும் மோட்டார் உறுமிக்கொண்டிருந்தால் பழுது பெரும்பாலும் கப்ளிங்கில்தான். மோட்டாரின் சுழற்சியைத் தண்டுக்குக் கொடுக்கும் சிறிய ரப்பர் அல்லது பிளாஸ்டிக் இணைப்பு அது. பிளக்கைக் கழற்றிவிட்டு, தண்டைப் பிரித்து, இரு முனைகளையும் பார்க்கலாம். பற்கள் மழுங்கியிருந்தாலோ, சுற்றிலும் ரப்பர் தூள் படிந்திருந்தாலோ கப்ளிங் தேய்ந்துவிட்டது.

அடுத்து, பிரித்த தண்டின் கத்தியைக் தடித்த துணியால் பிடித்துப் பக்கவாட்டில் மெல்ல அசைத்துப் பார்க்க வேண்டும். நன்றாக ஆடினால், கத்திக்கு மேலே தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்திருக்கிறது. உணவில் கறுப்புப் பசை தெரிந்தால் அதன் அருகிலுள்ள சீலும் போய்விட்டது. இந்த நிலையில் தண்டு முழுவதையும் மாற்றுவதே நல்லது. மாடல் எண்ணைக் கடையில் காட்டி வாங்க வேண்டும். பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் தண்டு சரியாகப் பொருந்தாமல் போகலாம்.

ஓசையே இல்லாமல் நின்று, கைப்பிடி சூடாக இருந்தால் காரணம் வெப்பம். மோட்டாரைக் குளிர்விக்கும் விசிறி அதன் தண்டிலேயே இருக்கிறது. கெட்டியான விழுதில் மோட்டார் மெதுவாகச் சுழலும்போது மின்னோட்டம் கூடுகிறது, காற்றோ குறைகிறது. அதனால் உள்ளே இருக்கும் வெப்பக் காப்பு மின்சாரத்தைத் துண்டிக்கிறது. பிளக்கைக் கழற்றி அரை மணி நேரம் ஆறவிட்டால், தானாக மீளும் வகை மீண்டும் ஓடும். ஒருமுறை மட்டும் அறுபடும் வெப்ப ஃபியூஸ் என்றால் ஓடாது. அதைப் பழுது பார்ப்பவரே மாற்ற வேண்டும். ஃபியூஸை நீக்கிக் கம்பியால் நேராக இணைப்பது தீ விபத்துக்கு வழி.

ஆறிய பிறகு, தண்டைப் பொருத்தாமல் மோட்டாரை இரண்டு விநாடி மட்டும் ஓட்டிப் பார்க்கலாம். விரலோ தலைமுடியோ கப்ளிங் அருகே போகக் கூடாது. சீராக ஓடினால் மோட்டார் நலம். இறுக்கமாகச் சுழலும் தண்டோ கெட்டியான விழுதோ அதற்குச் சுமை தந்து சூடாக்கியிருக்கலாம். தீய்ந்த வாடையோ பெரிய தீப்பொறியோ வந்தால் அதை மேலும் பயன்படுத்தக் கூடாது.

மேற்சொன்ன சம்பல் பிளெண்டரில் இரண்டும் சேர்ந்தே நடந்திருக்கலாம். தேய்ந்த புஷ் தண்டை உரசவிட, கெட்டி விழுது மீதிச் சுமையைக் கூட்டியது. புதிய தண்டு பொருத்தியபின் சிறிது தண்ணீர் சேர்த்து, குறிப்பேடு சொல்லும் நேரத்துக்குள் நிறுத்தி நிறுத்தி அரைத்தால் மோட்டார் தாங்கும். அந்த நேரம் பல மாடல்களுக்கு ஒரு நிமிடம்தான்.