நாய்க்கடி: கழுவ 15 நிமிடம், தடுப்பூசிக்கு நான்கு நாள்கள்

நாய் கடித்தால் முதல் சிகிச்சை வீட்டுக் குழாயடியிலேயே தொடங்குகிறது. ஓடும் நீரில் காயத்தைச் சோப்பு போட்டு 15 நிமிடங்கள் கழுவ வேண்டும். ரேபிஸ் வைரஸைச் சூழ்ந்துள்ள கொழுப்பு உறையைச் சோப்பு சிதைக்கிறது. பலரும் ஓரிரு நிமிடங்களில் நிறுத்திவிடுவதால், கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுவது நல்லது. பல் ஆழமாகப் பதிந்த இடத்திலும் நீர் பாய வேண்டும். பின்னர் போவிடோன் அயோடின் தடவலாம். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் போன்றவற்றை வைக்கக் கூடாது.

கழுவியதும் தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தோலினுள் செலுத்தப்படும் தடுப்பூசி 0, 3, 7, 28 ஆகிய நாள்களில் போடப்படுகிறது. முதல் ஊசி போடும் நாளே பூஜ்யமாவது நாள் என்பதில்தான் குழப்பம் நேர்கிறது. மார்ச் 1-ஆம் தேதி முதல் ஊசி போட்டவர், மார்ச் 4, 8, 29 தேதிகளில் மீண்டும் செல்ல வேண்டும். தசையில் போடப்பட்டால் மார்ச் 15-ஆம் தேதியும் சேர்ந்து ஐந்து தவணைகளாகும்.

தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால், முன்பு தடுப்பூசி போடாதவருக்கு ஊசி மட்டும் போதாது. உடல் தானே எதிர்ப்பாற்றலை உருவாக்கும் வரை காக்க, ரேபிஸ் இம்யூனோகுளோபுலின் மருந்தைக் காயத்தினுள்ளும் அதைச் சுற்றியும் செலுத்துவர். முதல் நாளில் கிடைக்காவிட்டால் 7 நாள்களுக்குள் பெற்றாக வேண்டும்.

கடித்தது வளர்ப்பு நாய் என்றாலும் காத்திருக்கக் கூடாது. அந்த நாய் 10 நாள்கள் நலமாக இருந்தால், மீதித் தவணைகள் தேவையா என்பதை மருத்துவரே முடிவு செய்வார்.