மாறுபாட்டுச் சமன்பாடும் மிகக் குறுகிய வழியும்

ஒரு தொகையீட்டின் மதிப்பைச் சிறுமமாக்கும் சார்பைக் கண்டறியும் கணிதப் பிரிவு மாறுபாட்டு நுண்கணிதம் எனப்படும். சாதாரண நுண்கணிதத்தில் விடை ஓர் எண். இங்கே விடை ஒரு முழு வளைகோடு. இரு இடங்களுக்கு இடையேயான மிகக் குறுகிய வழி இதன் எளிய உதாரணம். 1744இல் ஆய்லர் இதற்கான பொதுச் சமன்பாட்டை அச்சேற்றினார். 1755இல் பத்தொன்பது வயது லக்ராஞ்ச் அவருக்கு எழுதிய கடிதத்தில் இன்று பாடநூல்களில் உள்ள வழிமுறை வந்தது.

பெங்களூரு அல்சூரை ஒட்டிய ஜோகுபாளையத்திலிருந்து தேவனஹள்ளி விமான நிலையம் நேர்கோட்டில் ஏறத்தாழ 26 கி.மீ. இந்தத் தொலைவில் தரையைத் தட்டையாகக் கொள்ளலாம். y(x) என்ற கோட்டின் நீளம் ∫√(1+y'²) dx. விடையாகும் கோட்டோடு, இரு முனைகளிலும் பூச்சியமாகும் ஏதோ ஒரு சார்பு η(x)ஐ ε மடங்கு கூட்டுவோம். உண்மையிலேயே அது மிகக் குறுகிய கோடு என்றால், ε=0இல் நீளத்தின் வகைக்கெழு பூச்சியமாக வேண்டும். பகுதித் தொகையிடல் செய்து, η எதுவாயினும் இது பொருந்த வேண்டும் என்று கேட்டால் கிடைப்பது:

∂F/∂y − d/dx(∂F/∂y') = 0

இங்கே F=√(1+y'²). அதில் y இல்லை. ஆகவே ∂F/∂y' ஒரு மாறிலி, y' ஒரு மாறிலி, கோடு நேர்கோடு. சாலை வழியாகக் கணக்கிடும் வரைபடச் செயலிகள் இச்சமன்பாட்டைத் தொடுவதில்லை. அங்கே தெருக்கள் எண்ணிக்கையில் அடங்கியவை, சந்திப்புகளுக்கு இடையே தேர்வு செய்வதுதான் வேலை. விரும்பிய பக்கமெல்லாம் வளையக்கூடிய வழிக்கே இந்த முறை.

அப்படிப்பட்ட வழி ஒன்று தேவனஹள்ளியில் முடிகிறது. 2021 ஜனவரி 9இல் சான் பிரான்சிஸ்கோவில் புறப்பட்ட ஏர் இந்தியா விமானம், முழுக்கப் பெண் விமானிகளால் இயக்கப்பட்டு, வட துருவத்தின் மேலாகப் பறந்து ஜனவரி 11இல் பெங்களூருவில் இறங்கியது. மிகக் குறுகிய வழி துருவத்தின் மேலாகச் செல்வதால் அப்படிப் பறந்தார்கள் என்று பலரும் நினைத்துக்கொண்டார்கள். சமன்பாடு வேறு விடை தருகிறது.

பூமியை 6,371 கி.மீ. ஆரமுள்ள கோளமாகக் கொள்வோம். அட்சரேகை φ, தீர்க்கரேகை λ. வழியின் நீளம் R∫√(1+cos²φ·λ'²) dφ, இதில் λ' என்பது dλ/dφ. தொகையீட்டுக்குள் λ தனியாக வரவில்லை என்பதால் மீண்டும் ∂F/∂λ' மாறிலியாகிறது. அதைச் சுருக்கினால் cosφ·sinα = C, இதில் α என்பது வடக்குத் திசையோடு வழி அமைக்கும் கோணம். இது கிளேரோவின் தொடர்பு. வடக்கே போகப் போக cosφ குறையும், ஈடுகட்ட sinα கூடும். sinα ஒன்றைத் தொடும்போது வழி நேர் மேற்காகத் திரும்பிவிடும், அதற்கு மேல் வடக்கே ஏறாது. C பூச்சியமாக இருந்தால் மட்டுமே துருவத்தைத் தொடலாம். அதற்கு இரு நகரங்களும் ஒரே தீர்க்கரேகை வட்டத்தில் இருக்க வேண்டும்.

சான் பிரான்சிஸ்கோ 37.6° வடக்கு, 122.4° மேற்கு. பெங்களூரு 13.2° வடக்கு, 77.7° கிழக்கு. தீர்க்கரேகை இடைவெளி 159.9°, துருவ வழிக்கு வேண்டிய 180° அல்ல. சமன்பாட்டைத் தொகையிட்டால் வருவது cos(λ−λ₀) = tanφ/tanφ₀, இதில் φ₀, λ₀ வழியின் உச்சப் புள்ளியின் அட்சரேகையும் தீர்க்கரேகையும். பூமியின் மையம் வழியே செல்லும் தளம் கோளத்தை வெட்டும் பெருவட்டம் இது. இரு நகரங்களையும் பொருத்தினால் C ≈ 0.327. விமானம் வடக்கிலிருந்து சுமார் 24° மேற்காகக் கிளம்பி, 71° வடக்கில், கோலிமா ஆற்று முகத்துவாரத்துக்கு வடக்கே கிழக்குச் சைபீரியக் கடலின் மேல் உச்சம் தொட்டு, பிறகு தெற்கே இறங்க வேண்டும். நீளம் ஏறக்குறைய 13,990 கி.மீ. பசிபிக் நடுவில் அமைந்த மெர்காட்டர் வரைபடத்தில் அளவுகோல் வைத்துக் கோடு போட்டால் 16,100 கி.மீ. வரும்.

கைக்கணக்கில் ஒரு சிக்கல் இந்த உச்சத்தில் காத்திருக்கிறது. அங்கே dλ/dφ முடிவிலியாகும், ஒரே φக்கு இரண்டு λ வரும். வர்க்கமூலத்தின் குறியை அந்த இடத்தில் மாற்றாமல் தொகையிட்டுக்கொண்டே போனால், வழி சுத்தமாகத் தவறான தீர்க்கரேகையில் முடியும். முடிவுப் புள்ளியில் cosφ·sinα மதிப்பையும், முழுத் தீர்க்கரேகை மாற்றத்தையும் சரிபார்த்தால் பிழை வெளிப்பட்டுவிடும். பூமி சற்றே தட்டையான கோளம் என்பதால் இந்த நீளங்களில் அரை விழுக்காட்டுக்குள் பிசகு உண்டு, அவ்வளவே.

துருவத்தின் மேலாகப் போனால் 14,370 கி.மீ. உச்சியில் 19 பாகை, அதாவது 2,100 கி.மீ. வடக்கே விலகிப் போயும் கூடுவது 380 கி.மீ. மட்டும். என் பார்வையில் இந்தக் கணக்கின் சாரமே இதுதான். முதல் மாறுபாடு பூச்சியம் என்றால், சிறிய விலகலுக்கு முதல் படியில் செலவே இல்லை, விலகலின் வர்க்கத்தில்தான் நீளம் கூடும். வழியின் நடுப்புள்ளியை 100 கி.மீ. பக்கவாட்டில் நகர்த்தினால் நீளம் ஏறத்தாழ 800 மீட்டர்தான் அதிகரிக்கும். தட்டைத் தரையில் இதே அளவு வழிக்கு 1.4 கி.மீ. ஆகியிருக்கும். கோளத்தின் வளைவு செலவைக் குறைத்துவிடுகிறது.

வழி நீள நீள அந்தச் செலவு இன்னும் குறைகிறது, 180°இல் பூச்சியமாகிறது. ஒரு துருவத்திலிருந்து மறு துருவத்துக்கு எந்தத் தீர்க்கரேகையில் போனாலும் ஒரே நீளம் அல்லவா? இத்தகைய எதிர்முனையைக் கணிதத்தில் இணைப்புள்ளி என்பார்கள். அதைத் தாண்டும் வழி சமன்பாட்டை நிறைவு செய்யும், ஆனால் மிகக் குறுகியதாக இருக்காது. அதே பெருவட்டத்தில் எதிர்த்திசையில் கிளம்பி 26,000 கி.மீ. சுற்றி பெங்களூரு வரும் வழியும் ஆய்லர்–லக்ராஞ்ச் சமன்பாட்டின் விடையே. சமன்பாடு தேவையான நிபந்தனை, போதுமான நிபந்தனை அல்ல. வழியின் உள்ளே இணைப்புள்ளி இருக்கிறதா என்று பார்ப்பது யாக்கோபியின் சோதனை. அதில் தேறும் வழியும் அக்கம்பக்கத்து வழிகளை மட்டுமே வெல்கிறது, தொலைவில் உள்ள வேறொரு விடையோடு தனியே ஒப்பிட்டுத்தான் ஆக வேண்டும்.

விமான நிறுவனம் சிறுமமாக்குவது நீளத்தை அல்ல, நேரத்தையும் எரிபொருளையும். மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் 380 கி.மீ. என்பது 25 நிமிடம். குறுகிய வழியில் சராசரி எதிர்க்காற்று துருவ வழியைவிட மணிக்கு 25 கி.மீ. கூடுதலாக இருந்தாலே துருவ வழி சற்று முந்திவிடும். காற்றோடு சேர்ந்த இந்தக் கணக்கை 1931இல் செர்மெலோ வகுத்தார். காற்று இடத்துக்கு இடம் மாறும்போது தொகையீட்டுக்குள் λ நுழைந்துவிடும். கிளேரோவின் மாறிலி காணாமல் போகும், எண்முறையில் தீர்ப்பதைத் தவிர வழியில்லை.

தடைகள் வேறு. 71° உச்சியிலிருந்து இறங்கும் பெருவட்டம் திபெத்தையும் இமயத்தையும் கடக்கிறது. விமானத்தின் உள்ளழுத்தம் குறைந்துவிட்டால் உடனே 10,000 அடிக்கு இறங்க வேண்டும், அந்தப் பீடபூமியோ அதைவிட உயரம். 2022 முதல் ரஷ்ய வான்வெளி அமெரிக்க விமான நிறுவனங்களுக்கு மூடியிருப்பதால், அவற்றுக்கு இந்தப் பெருவட்டத்தின் கணிசமான பகுதி இல்லை என்றே ஆகிறது. இப்படிப்பட்ட கணக்கில் சமன்பாடு திறந்த பகுதிகளில் மட்டுமே செல்லும். தடையின் விளிம்பை ஒட்டும் இடங்களில் வழி விளிம்பின் வடிவத்தையே எடுத்துக்கொண்டு, தொடுகோடாகப் பிரிந்து மீண்டும் பெருவட்டத்தில் சேரும்.