மணி முடிந்த பிறகும் மணி அடிக்கலாமா?

நடுவர் அவர்களே! மாமல்லபுரத்து விடுதி ஊழியர் வீட்டுக்குப் போனாலும் போனை எடுத்தே ஆகணும்னு எதிரணி நண்பர் சொன்னார். ஒரு வழக்கைச் சொல்றேன், கேளுங்க!

பிரான்சில் ஓர் ஆம்புலன்ஸ் ஓட்டுநர். மதிய இடைவேளையில் அவருடைய சொந்தக் கைப்பேசிக்கு நிறுவனம் மூன்று முறை கூப்பிட்டது. அவர் எடுக்கலை. வேலை போச்சு! வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. வேலை நேரத்துக்கு வெளியே சொந்தப் போனில் கிடைக்காதது குற்றமே இல்லை என்று 2004 பிப்ரவரி 17-இல் தீர்ப்பு வந்தது.

"உயிர் காக்கும் வேலையாச்சே?" என்பீர்கள். அதற்கும் அங்கே முறை உண்டு. இன்று யார் தயாராக இருக்கணும்னு முன்கூட்டியே சொல்லணும். காத்திருப்பதற்குப் பணமோ ஓய்வோ ஈடாகத் தரணும்.

நம் மக்களவையில் 2018-இல் சுப்ரியா சுலே இந்த உரிமைக்காகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை. ஆகவே கேட்கிறேன்: காத்திருக்கச் சொல்கிறவர் அந்தக் காத்திருப்புக்குக் கூலி தர வேண்டாமா?