பங்குதாரர் கூட்ட அறிவிப்பின் தமிழாக்கம்

பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனம் ஆண்டுப் பொதுக்கூட்டத்தைக் கூட்டும்போது வெளியிடும் சந்தை அறிவிப்பையும் கூட்ட அறிவிப்பையும் தேதி, தீர்மானம், வாக்களிக்கும் முறை ஆகியவை சிறிதும் மாறாமல் தமிழில் தரும் பணி இது. தமிழ்நாட்டில் இதற்குச் சட்டத் தேவையும் இருக்கிறது. 2014ஆம் ஆண்டின் நிறுவனங்கள் (மேலாண்மை மற்றும் நிர்வாக) விதிகளில் 20ஆம் விதி, மின்னணு வாக்குப்பதிவு பற்றிய விளம்பரத்தை நாடெங்கும் செல்லும் ஆங்கில நாளிதழிலும், பதிவு அலுவலகம் உள்ள மாவட்டத்தின் முதன்மை மொழி நாளிதழிலும் வெளியிடச் சொல்கிறது. ஆகவே சென்னையிலோ கோயம்புத்தூரிலோ பதிவு அலுவலகம் கொண்ட நிறுவனத்தின் விளம்பரம் தமிழ் நாளிதழிலும் வந்தாக வேண்டும். அந்தத் தமிழை மட்டுமே படித்துவிட்டுப் பங்கை வாங்கவோ விற்கவோ வாக்களிக்கவோ முடிவெடுப்பவர்கள் உண்டு.

இரண்டு தேதிகள், இரண்டு உரிமைகள்

பிழை அதிகம் நேர்வது தேதிகளில்தான். எண்ணைத் தவறாக எழுதுவதைவிட, இரு வேறு தேதிகளை ஒரே பெயரால் குறிப்பதே பெரிய ஆபத்து. பதிவுத் தேதி என்பது டிவிடெண்ட் யாருக்குச் சேரும் என்பதைத் தீர்மானிக்கும் நாள். கட்-ஆஃப் தேதி என்பது யார் வாக்களிக்கலாம் என்பதைத் தீர்மானிக்கும் நாள். இந்த இரண்டாவது தேதி, கூட்ட நாளுக்கு ஏழு நாட்களுக்கு மேல் முந்தியதாக இருக்கக் கூடாது என்பது விதி. பதிவுத் தேதிக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. தமிழ் விளம்பரம் இரண்டையும் ‘பதிவு தேதி’ என்று போட்டுவிட்டால், படிப்பவருக்கு எந்த உரிமை எந்த நாளோடு போகிறது என்று தெரிய வழியே இல்லை.

ஒரு நிறுவனத்தின் கூட்டம் 2025 செப்டம்பர் 24, புதன்கிழமை என்று வைத்துக்கொள்வோம். டிவிடெண்டுக்கான பதிவுத் தேதி செப்டம்பர் 12, வெள்ளி. வாக்குரிமைக்கான கட்-ஆஃப் தேதி செப்டம்பர் 17, புதன். இந்தியச் சந்தையில் 2023 ஜனவரி முதல் எல்லாப் பங்குகளுக்கும் வர்த்தகம் நடந்த அடுத்த வேலை நாளிலேயே கணக்கு முடிக்கப்படுகிறது. எனவே 11ஆம் தேதி வாங்கியவரின் டீமேட் கணக்கில் 12ஆம் தேதி பங்கு வந்து சேரும், டிவிடெண்டும் அவருக்கே. 12ஆம் தேதி வாங்கியவருக்கு, இடையில் சனியும் ஞாயிறும் வருவதால், 15ஆம் தேதி திங்களன்றுதான் பங்கு வரும். அவருக்கு டிவிடெண்ட் கிடையாது. ஆனால் 17ஆம் தேதி வரை பங்கைக் கையில் வைத்திருந்தால் வாக்குரிமை உண்டு. அதே 12ஆம் தேதி பங்கு முழுவதையும் விற்றவர் டிவிடெண்டைப் பெறுவார், வாக்களிக்க முடியாது.

12ஆம் தேதி வாங்கியவர் கவனிக்கத்தக்கவர். நிறுவனம் கூட்ட அறிவிப்பை அனுப்பிய நாளில் அவர் பங்குதாரரே அல்ல. அது அவர் கைக்கு வந்திருக்காது. இப்படி அறிவிப்பு அனுப்பிய பின் பங்கு வாங்கியவர்கள் பயனர் எண்ணையும் கடவுச்சொல்லையும் எப்படிப் பெறலாம் என்பதை விளம்பரத்தில் சொல்ல வேண்டும் என்று விதியே கூறுகிறது. இடம் போதவில்லை என்று தமிழ்ப் பதிப்பில் முதலில் வெட்டப்படக்கூடிய பத்தியும் இதுவே. அதை வெட்டினால், விளம்பரத்தை மட்டுமே நம்பியிருப்பவருக்கு வாசல் அடைபட்டுவிடும்.

தீர்மானங்கள்

இறுதி டிவிடெண்டை இயக்குநர் குழு பரிந்துரைக்க மட்டுமே முடியும். அதை அறிவிப்பது உறுப்பினர்களின் கூட்டம். இடைக்கால டிவிடெண்டை மட்டும் குழு தானே அறிவிக்கலாம். ‘இயக்குநர் குழு இறுதி டிவிடெண்ட் அறிவித்துள்ளது’ என்று எழுதினால், உறுப்பினர்கள் இன்னும் வாக்களிக்காத ஒன்று முடிந்துபோனதாகிவிடும். ‘பங்குக்கு ரூ.5 இறுதி டிவிடெண்ட் வழங்க இயக்குநர் குழு பரிந்துரைத்துள்ளது. கூட்டத்தில் உறுப்பினர்கள் ஒப்புதல் அளித்தால் வழங்கப்படும்’ என்பதே சரி.

சாதாரணத் தீர்மானம், சிறப்புத் தீர்மானம் என்ற பிரிவை ஒவ்வொரு தீர்மானத்தின் தலைப்பிலும் காட்டியாக வேண்டும். நிறுவனங்கள் சட்டம் 2013, பிரிவு 114இன்படி, சாதாரணத் தீர்மானத்துக்கு எதிர் வாக்குகளைவிட ஆதரவு வாக்குகள் கூடுதலாக இருந்தால் போதும். சிறப்புத் தீர்மானத்துக்கு ஆதரவு வாக்குகள் எதிர் வாக்குகளின் மூன்று மடங்குக்குக் குறையக் கூடாது. இதைச் சுருக்கி ‘நான்கில் மூன்று பங்கு உறுப்பினர்களின் ஆதரவு’ என்று எழுதுவது பிழை. 20 லட்சம் பங்குகள் கொண்ட நிறுவனத்தில் ஆதரவு 7,60,000, எதிர்ப்பு 2,50,000 என்றால் தீர்மானம் நிறைவேறிவிடும். எதிர்ப்பின் மூன்று மடங்கு 7,50,000தான். வாக்களிக்காதவர்கள் கணக்கில் வருவதில்லை.

தீர்மானங்களின் வரிசை எண்ணும் மாறக் கூடாது. இரண்டு இயக்குநர்களின் மறுநியமனத்தை நடை அழகுக்காக ஒரே பத்தியாகச் சேர்த்தால், அதற்குப் பின் வரும் எண்கள் எல்லாம் ஒன்று குறையும். வாக்களிக்கும் திரையில் இருப்பது மூல எண். தமிழில் நான்காவதைப் படித்து அதற்கு எதிராக வாக்களிக்க நினைத்தவர், திரையில் வேறொரு தீர்மானத்தை எதிர்த்துவிடுவார்.

வாக்களிக்கும் குறிப்புகள்

கூட்டத்துக்கு முந்தைய மின்னணு வாக்குப்பதிவு மூன்று நாட்களுக்குக் குறையாமல் திறந்திருந்து, கூட்டத்துக்கு முந்தைய நாள் மாலை 5.00 மணிக்கு முடிய வேண்டும். மேற்கண்ட கூட்டத்துக்கு அது செப்டம்பர் 20, சனி காலை 9.00 மணிக்குத் தொடங்கி 23, செவ்வாய் மாலை 5.00 மணிக்கு முடிவதாகக் கொள்ளலாம். ‘20 முதல் 23 வரை’ என்று மட்டும் எழுதினால், 23ஆம் தேதி இரவு உட்கார்ந்து வாக்களிக்கலாம் என்றே எவரும் எண்ணுவார். நேரமும், காலையா மாலையா என்பதும் தேதியோடு ஒட்டியே வர வேண்டும்.

இணையத் திரையில் ஆங்கிலத்தில் தெரிவதை அப்படியே விடுவது நல்லது. என்.எஸ்.டி.எல். தளத்தில் வாக்களிப்பவர் கூட்டத்துக்குரிய EVEN எண்ணைத் தேர்ந்து, ஆதரவையோ எதிர்ப்பையோ குறித்து, Submit அழுத்தி, கேட்கும்போது Confirm அழுத்த வேண்டும். இந்தப் பொத்தான்களைத் தமிழாக்கினால் அந்தச் சொல்லைத் திரையில் தேடுபவருக்கு அது கிடைக்காது. Submit அழுத்தியதோடு வேலை முடிந்தது என்று தோன்றும்படி இரண்டு படிகளையும் ஒன்றாக்கவும் கூடாது. உறுதி செய்த வாக்கைப் பிறகு மாற்ற முடியாது.

இன்னொரு வாக்கியத்திலும் பாதி விடுபடுவது உண்டு. முன்கூட்டியே மின்னணு முறையில் வாக்களித்தவர் கூட்டத்தில் கலந்துகொள்ளலாம். ஆனால் அங்கே மீண்டும் வாக்களிக்க முடியாது. முதல் பாதி மட்டும் இருந்தால் இரண்டு முறை வாக்களிக்கலாம் என்று பொருள்படும். இரண்டாம் பாதி மட்டும் இருந்தால் கூட்டத்துக்கே போகக் கூடாது என்று தோன்றும்.

சரிபார்ப்பு

மொழிபெயர்த்தவரே மெய்ப்புப் பார்த்தால் தன் பிழை தன் கண்ணில் படுவது அரிது. மூலத்திலுள்ள தேதி, கிழமை, நேரம், தொகை, தீர்மான எண் ஆகியவற்றை மட்டும் தனியே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, இன்னொருவர் தமிழ்ப் படியை உரக்கப் படிக்க ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வருவது பயன்தரும். தேதியோடு கிழமையையும் நாட்காட்டியில் பார்க்க வேண்டும். மூலத்திலேயே பிழை இருந்தால் இந்த இடத்தில்தான் வெளிப்படும். அப்போது மொழிபெயர்ப்பாளர் தாமே திருத்திவிடக் கூடாது. ஆங்கிலப் படியிலும் சந்தைக்கு அனுப்பிய படியிலும் அதே பிழை இருக்கும் என்பதால் நிறுவனச் செயலரிடம் எழுத்து மூலம் கேட்க வேண்டும். அச்சான பிறகு பிழை தெரிந்தால் இரு மொழி நாளிதழ்களிலும் திருத்த அறிவிப்பு வெளியிட்டு, அதைப் பங்குச் சந்தைகளுக்கும் அனுப்புவது வழக்கம். பிழை தமிழில் மட்டும் என்றாலும் எந்த வரி, எந்தத் தேதி மாறுகிறது என்பதைத் திருத்தம் பெயர் சொல்லிக் காட்ட வேண்டும்.